பழைய விலையின் பிடி: ஏலக்காய் மூட்டை, பங்கு, நிலம்

2019 ஆகஸ்டில், இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி ஏல மையத்தில், ஏலக்காய் லாட் ஒன்று கிலோ 7000 ரூபாய்க்குப் போயிற்று. அதுவரை யாரும் கண்டிராத விலை அது. 2018ஆம் ஆண்டு வெள்ளம் தோட்டங்களைச் சிதைத்திருந்தது. அடுத்து வந்த கோடையின் வறட்சி எஞ்சிய செடிகளையும் வாட்டியிருந்தது. சரக்கு வரத்து குறைந்ததால் விலை ஏறியது. பிறகு செடிகள் தேறின, வரத்து பெருகியது, 2022இல் ஏலத்தின் சராசரி விலை 1000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த இறக்கத்தின் ஒவ்வொரு படியிலும், 'இன்னும் கொஞ்சம் ஏறட்டும்' என்று, காயை உலர்த்தி வைக்கும் ஸ்டோரில் மூட்டையைப் பூட்டி வைத்தவர்கள் கம்பம், போடி பக்கமும் உண்டு, மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு பக்கமும் உண்டு.

அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக ஏலக்காய் பார்த்தவர்கள். காயைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லக்கூடியவர்கள். சரக்கைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள் விற்கும் நேரத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள் என்ற கேள்விக்கு, நடத்தைசார் நிதியியல் என்னும் துறை ஓரளவு தெளிவான விடை தருகிறது. மனிதர்கள் பண விஷயத்தில் தவறு செய்கிறார்கள் என்பது புதிய செய்தியன்று. அந்தத் தவறுகள் தாறுமாறாக நிகழாமல் ஒரே பக்கமாகச் சாய்கின்றன, ஆகவே அவற்றை முன்கூட்டியே எதிர்பார்க்க முடியும் என்று காட்டியதுதான் இத்துறையின் பங்களிப்பு. அத்தகைய சாய்வுகள் பல இருந்தாலும், ஏலக்காய் மூட்டையைப் புரிந்துகொள்ள இரண்டு போதும். ஒன்று நங்கூரச் சாய்வு, மற்றொன்று இழப்பு வெறுப்பு. இவை பெரும்பாலும் கைகோத்தே வேலை செய்கின்றன என்பதுதான் இக்கட்டுரையில் சொல்ல வருவது.

முதலில் நிலைக்கும் எண்

ஒரு மதிப்பைத் தீர்மானிக்க வேண்டிய நேரத்தில், ஏற்கெனவே மனத்தில் பதிந்துவிட்ட ஓர் எண்ணிலிருந்து தொடங்கி, அதிலிருந்து போதிய தூரம் நகராமலேயே நின்றுவிடுவது நங்கூரச் சாய்வு. அந்த எண்ணுக்கும் கேள்விக்கும் தொடர்பே இல்லாமல் போனாலும் இது நிகழும். உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு சோதனையைக் காட்டினார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சிலர் முன் சுழற்றினார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு எத்தனை சதவீதம் என்று பிறகு கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25 சதவீதம். 65இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 45 சதவீதம். சக்கரத்துக்கும் ஐ.நா. சபைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரு சாராருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் எண் இழுத்தது.

ஏலக்காய் விவசாயிக்கு நங்கூரம் அதைவிடப் பலமாக விழுகிறது. ஏனென்றால் அவர் மனத்தில் நிற்பது சம்பந்தமில்லாத எண் அன்று, அதே சரக்கு உண்மையிலேயே பெற்ற விலை. புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. ஒவ்வோர் ஏலத்துக்குப் பிறகும் வந்த சரக்கு, விற்ற சரக்கு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவை வெளியாகின்றன. இவற்றில் டீக்கடையில் பேசப்படுவது உச்ச விலைதான். ஆனால் உச்ச விலை என்பது அன்று வந்த நூற்றுக்கணக்கான லாட்டுகளில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் பச்சை நிறம் மாறாத பெரிய காய்கள் நிறைந்த லாட்டு, பெற்ற விலை. 7000 ரூபாய் என்பதும் அப்படிப்பட்ட ஓர் ஒற்றை லாட்டின் விலையே. அன்றைய சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு. பல தரமும் கலந்த சரக்கை வைத்திருக்கும் ஒருவர் உச்ச விலையை மனத்தில் நிறுத்திக்கொண்டால், தன் சரக்குக்கு ஒருநாளும் கிடைத்திராத விலையோடு இன்றைய விலையை ஒப்பிடுகிறார் என்று பொருள்.

இழப்பு ஏன் இவ்வளவு வலிக்கிறது

நங்கூரம் ஓர் எண்ணை நிறுத்தி வைக்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே நிற்கும்போது மனம் என்ன செய்கிறது என்பதை இழப்பு வெறுப்பு விளக்குகிறது.

நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் 1000 ரூபாய் நீங்கள் தர வேண்டும், தலை விழுந்தால் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தால் ஆட்டத்துக்கு வருவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். கணக்குப்படி 1001 கிடைத்தாலே லாபம்தான். ஆயினும் பெரும்பாலானோர் 2000 ரூபாய் அளவில் கேட்பார்கள். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1992இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒரு தொகையை இழப்பதன் கனம் அதே தொகையைப் பெறுவதன் கனத்தைப்போல் ஏறத்தாழ 2.25 மடங்கு. இந்த எண்ணை இயற்பியல் மாறிலிபோலக் கொள்ளக் கூடாது. அது ஆளுக்கு ஆள், தொகைக்குத் தொகை மாறும். சிறு தொகைகளில் இழப்பு வெறுப்பே தென்படுவதில்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் கணிசமான தொகைகளில் இழப்பின் பக்கம் கனம் கூடியிருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

இதைவிட முக்கியமான, ஆனால் பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு பகுதி இருக்கிறது. இதே இருவர் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், இஸ்ரேலியப் பவுண்டுக் கணக்கில் இரண்டு கேள்விகள் வருகின்றன. நிச்சயமாக 3000 பெறுவதா, அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4000 பெறுவதா என்பது முதல் கேள்வி. 80 சதவீதத்தினர் நிச்சயமான 3000த்தைத் தேர்ந்தார்கள். அடுத்து, அதையே திருப்பிப்போட்டு, நிச்சயமாக 3000 இழப்பதா, அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4000 இழப்பதா என்று கேட்டார்கள். இப்போது 92 சதவீதத்தினர் சூதாட்டத்தைத் தேர்ந்தார்கள். அந்தச் சூதாட்டத்தின் சராசரி இழப்பு 3200, அதாவது நிச்சயமான இழப்பைவிட அதிகம். லாபத்தில் நிற்கும்போது கிடைத்ததைப் பத்திரப்படுத்தும் அதே மனிதர், நஷ்டத்தில் நிற்கும்போது, அந்த நஷ்டத்தை உறுதிசெய்வதைத் தவிர்ப்பதற்காக, அதைவிடப் பெரிய நஷ்டத்துக்கான அபாயத்தைத் தானாகவே ஏற்கிறார்.

ஆகவே ஒருவர் லாபத்தில் நிற்கிறாரா நஷ்டத்தில் நிற்கிறாரா என்பதே அவர் எப்படி முடிவெடுப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. லாபம், நஷ்டம் என்பவை எதிலிருந்து அளக்கப்படுகின்றன? ஒரு ஒப்பீட்டுப் புள்ளியிலிருந்து. அந்தப் புள்ளியை மனத்தில் நட்டு வைப்பது, பெரும்பாலும், நங்கூரச் சாய்வு.

முந்நூறு கிலோ சரக்கின் கணக்கு

இதை ஒரு கற்பனைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். குமுளிக்கு அருகே தோட்டம் வைத்திருக்கும் கம்பத்துக்காரர் ஒருவரிடம் 300 கிலோ உலர்ந்த காய் இருக்கிறது. கூலி, உரம், மருந்து, ஸ்டோரில் உலர்த்தும் செலவு எல்லாம் சேர்த்து அவருக்கு அடக்கம் கிலோ 900 ரூபாய். இன்றைய ஏலத்தில் அவருடைய தரத்துக்கு 1500 கிடைக்கிறது. இரண்டு பருவத்துக்கு முன்பு அவரே 3000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். அவருக்கு 4,50,000 ரூபாய் நகைக்கடன் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி.

இன்று விற்றால் 4,50,000 ரூபாய் வரும், நகை வீட்டுக்கு வந்துவிடும். அடக்க விலையிலிருந்து பார்த்தால் இது கிலோவுக்கு 600 வீதம் 1,80,000 ரூபாய் லாபம். 3000 ரூபாயிலிருந்து பார்த்தால் கிலோவுக்கு 1500 வீதம் 4,50,000 ரூபாய் நஷ்டம். சரக்கு அதேதான், விலையும் அதேதான், வங்கிக் கணக்கில் ஏறப்போகும் தொகையும் அதேதான். அளக்கத் தொடங்கும் புள்ளி மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால் முதல் புள்ளியிலிருந்து பார்ப்பவர் 'வந்தவரை போதும்' என்று விற்பார். இரண்டாவது புள்ளியிலிருந்து பார்ப்பவர், 92 சதவீதத்தினரைப்போல, 'பார்த்துவிடுவோம்' என்று காத்திருப்பார்.

நம்மவர் ஆறு மாதம் காத்திருக்கிறார் என்று கொள்வோம். மாதம் 4500 வீதம் வட்டி 27,000 ரூபாய். கறுப்புப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டி, ஈரம் படாமல் வைத்தாலும், நாளாக ஆகக் காயின் பச்சை மங்கும். நிறம் மங்கிய சரக்குக்குப் புதுச் சரக்கைவிடக் கிலோவுக்கு 100 ரூபாய் குறைவாகக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அது 30,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 57,000. கிலோவுக்கு 190 ரூபாய். ஆகவே ஆறு மாதம் கழித்துப் புதுச் சரக்கின் விலை 1690 ஆனால்தான் அவர் இன்று நிற்கும் இடத்திலேயே நிற்பார். 1600க்கு உயர்ந்தால், 'பார்த்தாயா, விலை ஏறியது' என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கிலோவுக்கு 90 ரூபாய் இழந்திருப்பார். வட்டியும் நிறமும் சத்தமில்லாமல் கரைவதால், அந்த இழப்பு விற்பனைச் சீட்டில் தெரிவதில்லை. விலை வித்தியாசம் மட்டுமே கண்ணில் படுகிறது.

அவருடைய காத்திருப்பு கணக்கிலிருந்து வந்ததா, பழைய விலையின் பிடியிலிருந்து வந்ததா என்று அறிய ஒரு கேள்வி உதவும். அவரிடம் சரக்கே இல்லை, கையில் 4,50,000 ரூபாய் பணமாக இருக்கிறது, கடனும் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடனை அடைக்காமல், அந்தப் பணத்தில் இன்றைய விலைக்கு 300 கிலோ காய் வாங்கி, ஸ்டோரில் அடுக்கி வைப்பாரா? 'நானென்ன வியாபாரியா, வட்டிக்கு வாங்கிச் சரக்கு அடைக்க?' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் விற்காமல் வைத்திருப்பதும் இன்றைய விலைக்கு வாங்கி வைத்திருப்பதும், ஏலக் கமிஷன் போன்ற சிறு செலவுகளை ஒதுக்கிவிட்டால், பணக்கணக்கில் ஒன்றேதான். வாங்க மாட்டேன் என்பவர் விற்கவும் மறுத்தால், அவரைத் தடுப்பது வருங்காலம் பற்றிய மதிப்பீடு இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சரக்கை வைத்திருப்பதெல்லாம் தவறு என்று முடிவுகட்டுவது இத்துறையைப் பாதி படித்தவர்கள் செய்யும் பிழை. ஏலக்காய்ச் சந்தையில் காத்திருக்க நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஏலக்காயை மிகுதியாக விளைவிக்கும் குவாத்தமாலாவில் விளைச்சல் குறைந்தால், வளைகுடா நாடுகளின் வாங்குதல் இந்தியச் சரக்கின் பக்கம் திரும்பும். ரமலானுக்கு முந்தைய மாதங்களில் ஏற்றுமதிக் கேட்பு கூடும். கோடை மழை பொய்த்தால் அடுத்த பருவத்தின் வரத்து குறையும். இவற்றில் ஏதேனும் ஒன்றை நம்பி, கிலோவுக்கு 190 ரூபாய்க்கு மேல் ஏறும் என்று கணித்து ஒருவர் காத்திருந்தால், அது பந்தயம். தோற்கலாம், ஆனால் சாய்வு அன்று. இரண்டையும் பிரித்தறிய, அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டாலே போதும். மழையையும் குவாத்தமாலாவையும் பேசினால் அவர் வருவதைப் பார்க்கிறார். 'அன்றைக்கு மூவாயிரத்துக்குக் கொடுத்த காய்' என்று பேசினால் அவர் போனதைப் பார்க்கிறார். வாங்கும் வியாபாரிக்கு அன்றைக்கு யார் எவ்வளவுக்கு விற்றார் என்பது ஒரு பொருட்டே இல்லை.

பங்குக் கணக்கில் அதே ஆள்

இப்போது போடியில் கடை வைத்திருக்கும் ஒருவரின் பங்குக் கணக்கு. இரண்டு நிறுவனங்களில் நூறு நூறு பங்குகள் வைத்திருக்கிறார். ஒன்றை 200 ரூபாய்க்கு வாங்கினார், மற்றொன்றை 400 ரூபாய்க்கு. இன்று இரண்டும் 260இல் நிற்கின்றன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு 26,000 ரூபாய் வேண்டும். எதை விற்பார்?

அநேகமாக முதலாவதை. அதை விற்றால் 6000 ரூபாய் லாபம் பார்த்த நிறைவு. இரண்டாவதை விற்றால் 14,000 ரூபாய் நஷ்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்று, நஷ்டத்தில் இருப்பதை நீண்டகாலம் சுமக்கும் இந்தப் போக்கை ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் 1985இல் விவரித்தார்கள். டெரன்ஸ் ஓடியன் 1998இல் அதை உண்மையான கணக்குகளில் அளந்தார். அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை 1987 முதல் 1993 வரை ஆராய்ந்ததில், விற்கக்கூடிய லாபங்களில் 14.8 சதவீதம் விற்கப்பட்டிருந்தன, விற்கக்கூடிய நஷ்டங்களிலோ 9.8 சதவீதம்தான். 'நஷ்டத்தில் இருப்பது இனி ஏறும் என்று தெரிந்துதானே வைத்திருந்தார்கள்' என்று கேட்கலாம். ஓடியன் அதையும் பார்த்தார். விற்கப்பட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஈட்டின.

வரிக் கணக்கும் இந்தப் பழக்கத்துக்கு எதிராகவே நிற்கிறது. இந்திய வருமான வரிச் சட்டப்படி, மூலதன நஷ்டத்தை அதற்குரிய வகையைச் சேர்ந்த மூலதன லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம். உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், மீதியை எட்டு ஆண்டுகள்வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லவும் முடியும். ஆகவே இரண்டு நிறுவனங்களும் இனிமேல் ஒரேபோலத்தான் இருக்கும் என்று கருதினால், 400க்கு வாங்கியதை விற்பதே லாபகரமானது. ஆனால் கணக்குத் திரையில் அந்தப் பங்கின் நஷ்டம் சிவப்பாக நிற்கிறது, கை போவதில்லை. போதாக்குறைக்கு, 'ஆவரேஜ் செய்கிறேன்' என்று அதே பங்கில் மேலும் பணம் போடுவோரும் உண்டு. 260இல் இன்னும் நூறு வாங்கினால் சராசரி அடக்கம் 330 ஆகிறது. அசல் தேறும் தூரம் 140இலிருந்து 70 ஆகக் குறைந்ததாகத் தோன்றுகிறது. நிறுவனத்தில் எதுவும் மாறவில்லை, ஒப்பீட்டுப் புள்ளி மட்டும் கீழே நகர்ந்திருக்கிறது, சிக்கிய பணமோ 40,000இலிருந்து 66,000 ஆகியிருக்கிறது. புதிதாகப் பங்குச் சந்தைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே மிகவும் செலவு வைப்பது என்பது என் எண்ணம்.

நிலம்: விற்பவரின் எண், வாங்குபவரின் எண்

நிலத்தில் இரண்டு சாய்வுகளும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும். குமுளிப் பக்கம் பத்து சென்ட் மனை பார்க்கப் போகும் கூடலூர்க்காரர் ஒருவரிடம் தரகர், 'சென்ட் ஆறு லட்சம் சொல்கிறார்கள், பேசிப் பார்க்கலாம்' என்கிறார். அடுத்த அரை மணி நேரப் பேச்சும் ஆறிலிருந்து எவ்வளவு குறைப்பது என்பதாகவே நடக்கும். ஐந்துக்கு முடித்தால், பத்து லட்சம் மிச்சம் பிடித்ததாக வீட்டில் சொல்லப்படும். மனையின் மதிப்பு நான்கா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அனுபவம் இதற்குத் தடுப்பாகும் என்று நினைக்க வேண்டாம். கிரெகரி நார்த்கிராஃப்டும் மார்கரெட் நீலும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், அரிசோனாவின் டூசான் நகரத்து வீட்டுத் தரகர்களை ஒரே வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். வீட்டைப் பற்றிய விவரங்கள் எல்லாம் ஒன்றே, விற்பவர் கேட்கும் விலை மட்டும் குழுவுக்குக் குழு வேறு. தரகர்களின் மதிப்பீடும் கேட்கப்பட்ட விலையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. ஆனால் கேட்ட விலையைக் கணக்கில் எடுத்தோம் என்று ஒப்புக்கொண்ட தரகர்கள் சொற்பமே. நங்கூரத்தின் சிக்கல் இதுதான். இழுக்கப்படுகிறவருக்கு இழுப்பு தெரிவதில்லை.

விற்பவரின் பக்கத்தில் வாங்கிய விலை நிற்கிறது. 1990களில் பாஸ்டன் நகர மையத்தில் அடுக்ககங்களின் விலை சரிந்திருந்தபோது, டேவிட் ஜெனிசோவும் கிறிஸ்டோபர் மேயரும் அங்கு விற்பனையை ஆராய்ந்தார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க நேர்ந்தவர்கள், வாங்கிய விலைக்கும் அப்போது எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 சதவீதம் வரையான தொகையைக் கூட்டி விலை கேட்டார்கள். கேட்டதில் கொஞ்சம் கிடைக்கவும் செய்தது, ஆனால் வீடு விற்க அதிக நாள் ஆயிற்று. இழப்பு வெறுப்பு எப்போதும் முட்டாள்தனம் அன்று என்பதற்கும் இது சான்று: பிடிவாதம் சில நேரம் நல்ல விலை வாங்கித் தரும். அதற்காகக் கொடுத்த காலத்தின் விலையைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும்.

மனை வாங்கப் போகிறவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தரகர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய இரண்டு மூன்று மனைகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று விசாரித்து, தாம் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் காட்டிய தொகையும் அரசு வழிகாட்டி மதிப்பும் உண்மை விலையிலிருந்து விலகியிருக்கக்கூடும் என்பதால், அவற்றை மட்டும் நம்ப முடியாது. தனக்கென ஓர் எண் முன்னதாக நிலைத்துவிட்டால், ஆறு லட்சம் என்பது தொடக்கப் புள்ளியாக இல்லாமல், தன் எண்ணோடு ஒப்பிட வேண்டிய இன்னோர் எண்ணாக ஆகிவிடுகிறது.

மூட்டைக்குத் திரும்பினால்

சாய்வின் பெயரைத் தெரிந்துகொள்வதால் மட்டும் அது போய்விடுவதில்லை; டூசான் தரகர்கள் நம்மைவிட அறிவில் குறைந்தவர்களா என்ன? முடிவெடுக்கும் முறையை மாற்றுவதுதான் ஓரளவு பலன் தரும். ஏலக்காய் விஷயத்தில் அதற்கு இரண்டு வழிகள் தோன்றுகின்றன.

முதலாவது, உச்ச விலையைப் பார்ப்பதை விட்டு, கடந்த பத்து ஏலங்களின் சராசரி விலையையும், வந்த சரக்கில் எவ்வளவு விற்றது என்பதையும் எழுதி வைப்பது. தன் சரக்கு வழக்கமாகச் சராசரிக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே போகிறது என்பதும் ஓரிரு பருவத்துச் சீட்டுகளைப் புரட்டினால் தெரிந்துவிடும். அப்போது ஒப்பீட்டுப் புள்ளி 2019இலிருந்து இந்த மாதத்துக்கு வந்துவிடும். முன்னர் விற்ற விலையின் இடத்தில் அடக்க விலையைத் தாளின் தலைப்பில் எழுதி வைப்பதும் உதவும். அடக்க விலையும் ஒரு நங்கூரம்தானே என்று கேட்டால், ஆம்; சந்தை 900க்குக் கீழே போனால், 'அடக்கத்துக்குக் குறைந்து கொடுக்க மாட்டேன்' என்று அதே பிடி அங்கும் இறுகும். இந்த முறைக்கு இது ஒரு எல்லை.

இரண்டாவது, விற்கும் நாள்களைக் காய் எடுப்புத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடுவது. ஒவ்வொரு பறிப்பிலும் உலர்ந்து வரும் சரக்கில் பாதியை அந்த மாதத்திலேயே ஏலத்துக்கு அனுப்புவது, மீதியை ஜனவரியில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று, அன்றைய விலை எதுவானாலும், அனுப்பிவிடுவது என்பதுபோல. இதனால் உச்ச விலையில் எல்லாவற்றையும் விற்கும் வாய்ப்பு போய்விடும் என்பது உண்மை. 2019இல் இப்படி விற்றவர் பக்கத்துத் தோட்டக்காரரைப் பார்த்துப் பொருமியிருப்பார். ஆனால் விலை தினமும் கேட்கும் கேள்விக்குத் தினமும் பதில் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு இல்லை. பருவத்தின் சராசரி விலைக்கு அருகிலான ஒரு விலை அவருக்குக் கிடைத்துவிடும். நகைக்கடன் இருப்பவர் முதல் பகுதியைப் பாதியாக இல்லாமல் முக்கால் பங்காக வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்பது, காயின் விலை எப்படிப் போனாலும், நிச்சயமாக வெளியேறும் தொகை. கடன் இல்லாதவர், உலர்ந்த இடமும் நல்ல சாக்கும் உள்ளவர், கூடுதலாக வைத்திருக்க முடியும். அவருக்குக் காத்திருப்பின் செலவு அந்த 190 ரூபாயிலிருந்து, நிறம் மங்குவதற்கான 100 ரூபாயாகவும், பணம் வேறெங்கும் ஈட்டாமல் கிடந்த இழப்பாகவும் சுருங்கிவிடுகிறது.